சரிசெய்வதற்கு முன் என்ன காட்டியது?

ஒரு கட்டடத்துக்குக் காங்கிரீட் போடும் அன்று, கலவையிலிருந்து கொஞ்சம் தனியாக எடுத்து இரும்பு அச்சுகளில் நிரப்புவார்கள். ஒவ்வொரு பக்கமும் 150 மில்லிமீட்டர் உள்ள கனசதுர அச்சு. மூன்று அடுக்காகக் கொட்டி, அடுக்குக்கு அடுக்கு கம்பியால் குத்தி, மேலே மட்டம் செய்து வைத்துவிட்டு, மறுநாள் அச்சைப் பிரித்துத் தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள். 28-ஆம் நாள் அந்தக் கியூபை வெளியே எடுத்து, சைட் லேபில் இருக்கும் அழுத்தச் சோதனை மெஷினில் வைத்து உடைப்பார்கள். சைட்டில் எல்லோரும் அதை 'சிடிஎம்' என்றுதான் சொல்வார்கள்.

கியூப் நொறுங்கும் நேரத்தில் திரையில் ஒரு எண் நின்றுவிடும். 657 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். கியூபின் மேல்முகம் 22,500 சதுர மில்லிமீட்டர். வகுத்தால் சதுர மில்லிமீட்டருக்கு 29.2 நியூட்டன். இது கியூப் ரெஜிஸ்டரில் ஏறும். ஒப்பந்ததாரரின் பில் இதை வைத்துப் பாஸ் ஆகும். அடுத்த தளத்துக்கு அனுமதியும் இதை வைத்துத்தான் கிடைக்கும். ஆறு மாதம் கழித்து அந்தத் தூணில் விரிசல் கண்டால், முதலில் புரட்டப்படும் பக்கமும் இதுதான்.

அந்த மெஷின் 657 என்று காட்டியபோது கியூப் மேல் உண்மையில் 657 கிலோநியூட்டன் இருந்ததா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய காகிதம் ஒன்றுதான், மெஷினின் கேலிபரேஷன் சர்டிபிகேட். பெரும்பாலான சைட்களில் அது கண்ணாடிச் சட்டம் போட்டு லேப் சுவரில் தொங்கும். ஆய்வுக்கு வரும் அதிகாரி தேதியைப் பார்ப்பார். ஒரு வருடத்துக்குள் இருந்தால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். தேதிக்குக் கீழே இருக்கும் அட்டவணையைப் படிப்பவர்கள் குறைவு. அந்த அட்டவணையில் இருக்க வேண்டிய, ஆனால் பல நேரம் இல்லாமல் போகும் ஒரு பகுதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மெஷினுக்கு எடை எப்படித் தெரிகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். சைட்களில் வழக்கமாக இருப்பது 2000 கிலோநியூட்டன் வரை அழுத்தக்கூடிய ஹைட்ராலிக் மெஷின். கீழே ஒரு சிலிண்டர், அதற்குள் ஒரு ராம். பம்ப் எண்ணெயைத் தள்ளும்போது ராம் மேலே ஏறி, கியூபை மேல் தகட்டோடு சேர்த்து நசுக்குகிறது. இந்த வகை மெஷின்களில் பெரும்பாலானவை கியூப் மேல் விழும் விசையை நேராக அளப்பதில்லை. எண்ணெயின் அழுத்தத்தை ஒரு சென்சார் அளக்கிறது. அதை ராமின் பரப்போடு பெருக்கித் திரையில் கிலோநியூட்டனாகக் காட்டுகிறார்கள்.

பிழை நுழையும் வழி இங்கேதான் இருக்கிறது. எண்ணெய் அழுக்காகி, சீல் தேய்ந்து, ராம் சிலிண்டரின் சுவரில் உரசத் தொடங்கினால், எண்ணெயின் அழுத்தத்தில் ஒரு பங்கு அந்த உரசலை வெல்லவே செலவாகிவிடும். கியூபுக்குப் போய்ச் சேருவது குறையும். ஆனால் சென்சாருக்குத் தெரிவது எண்ணெயின் அழுத்தம் மட்டும்தான். அதனால் திரை கூடுதலாகக் காட்டும். பராமரிப்பு இல்லாத மெஷினில் உரசல் கூடக் கூட, காங்கிரீட் காகிதத்தில் பலம் பெற்றுக்கொண்டே போகும். யாருக்கும் சந்தேகம் வராத திசையில் நடக்கும் பிழை இது. ரிசல்ட் குறைந்தால் சைட்டே கூடி நிற்கும். கொஞ்சம் கூடினால் யாரும் கேட்பதில்லை.

சென்சார் பழுதாகலாம். டிஜிட்டல் இண்டிகேட்டரைச் சர்வீசுக்கு அனுப்பி, திரும்பி வரும்போது உள்ளே பதிந்து வைத்திருந்த பெருக்கு எண் மாறியிருக்கலாம். பழைய சைட்டில் மெஷினைக் கழற்றி லாரியில் ஏற்றி, புதிய சைட்டில் இறக்கி மாட்டும்போதும் ஏதாவது நகரலாம். அதனால்தான் இத்தகைய மெஷின்களைச் சரிபார்ப்பதற்கான ஐஎஸ் 1828 தரம், குறித்த கால இடைவெளியில் சரிபார்ப்பதோடு, கழற்றி இடம் மாற்றினாலும் பெரிய ரிப்பேர் செய்தாலும் மறுபடியும் சரிபார்க்கச் சொல்கிறது. வருடத்துக்கு ஒரு முறை என்பது நடைமுறை. இடம் மாறிய மெஷினுக்குப் பழைய சைட்டில் எடுத்த சர்டிபிகேட், தேதி உயிரோடு இருந்தாலும், செல்லாது.

கேலிபரேஷன் நாளன்று நடப்பதைப் பார்ப்போம். ஏஜென்சியிலிருந்து வரும் டெக்னீஷியன் ஒரு கனத்த பெட்டியைக் கொண்டுவருவார். உள்ளே லோடு செல் அல்லது புரூவிங் ரிங் இருக்கும். அந்தக் கருவியும் எங்கேயோ ஒரு மேல்நிலைக் கருவியோடு ஒப்பிடப்பட்டு, அந்தச் சங்கிலி கடைசியில் டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் தரத்தில் போய் முடிய வேண்டும். கியூப் வைக்கும் இடத்தில் லோடு செல்லை நடுவாக வைத்து, இரண்டு மூன்று முறை முழு லோடு வரை அழுத்தித் தளர்த்துவார். பிறகு பூஜ்யம் வைத்து, படிப்படியாக ஏற்றுவார். 2000 கிலோநியூட்டன் மெஷினுக்கு 400, 800, 1200, 1600, 2000 என்று குறைந்தது ஐந்து படிகள். மெஷின் திரை 800 காட்டும்போது லோடு செல் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்வார். இப்படி மூன்று சுற்று.

கணக்கு எளிது. மெஷின் காட்டியதிலிருந்து உண்மையான விசையைக் கழித்து, மீதியை உண்மையான விசையால் வகுத்து நூறால் பெருக்கினால் பிழை சதவீதம். திரை 800 காட்டும்போது லோடு செல் 796 காட்டினால் பிழை கூட்டல் 0.5 சதவீதம். கூட்டல் என்றால் மெஷின் கூடுதலாகச் சொல்கிறது, காங்கிரீட் இருப்பதைவிடப் பலமாகத் தெரிகிறது என்று பொருள். கழித்தல் என்றால் எதிர்மாறு. முதல் வகுப்பு மெஷினுக்கு இந்தப் பிழை ஒரு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மூன்று சுற்றிலும் வரும் எண்களுக்கு இடையிலான வித்தியாசமும் ஒரு சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சில ஏஜென்சிகள் பிழையைக் கொடுக்காமல், எவ்வளவு கூட்டியோ கழித்தோ கொள்ள வேண்டும் என்ற திருத்தத்தைக் கொடுப்பார்கள். அப்போது குறி தலைகீழாகிவிடும். அட்டவணையின் தலைப்பைப் படிக்காமல் எண்ணை மட்டும் எடுத்தால், திருத்துவதாக நினைத்துப் பிழையை இரட்டிப்பாக்கிவிடுவோம்.

இதுவரை எல்லா ஏஜென்சியும் செய்வதுதான். சிக்கல் இதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் இருக்கிறது.

டெக்னீஷியன் முதல் சுற்று ஏற்றிப் பார்க்கிறார். 800 காட்டும் இடத்தில் உண்மையில் 770 தான் இருக்கிறது. பிழை 3.9 சதவீதம். அவர் என்ன செய்வார்? இண்டிகேட்டரின் செட்டிங்கில் போய்ப் பெருக்கு எண்ணை மாற்றுவார். மறுபடியும் ஏற்றுவார். இப்போது 800-க்கு 798. நல்லது. இதற்குப் பிறகு மூன்று சுற்று எடுத்து, அந்த எண்களைச் சர்டிபிகேட்டில் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போய்விடுவார். சர்டிபிகேட்டில் எல்லாப் பிழையும் 0.2, 0.3 என்று அழகாக இருக்கும். சைட் இன்ஜினியருக்கு நிம்மதி. ஏஜென்சிக்கும் அடுத்த வருடம் அழைப்பு உறுதி. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. மெஷின் இன்று சரியாகிவிட்டது என்பதும் உண்மை.

ஆனால் நேற்று வரை அது 3.9 சதவீதம் கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்தது என்ற செய்தி, அந்த மெஷின் நூற்றுக்கணக்கான கியூப்களை உடைத்திருக்கும் நிலையில், எந்தக் காகிதத்திலும் ஏறாமல் காணாமல் போய்விட்டது.

சர்டிபிகேட் என்பது வரும் வருடத்துக்கான அனுமதிச் சீட்டு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதன் மதிப்பில் பாதிக்கு மேல் கடந்த வருடத்தைப் பற்றியது. போன ஜூனில் மெஷின் சரியாக இருந்தது, இந்த ஜூனில் கைவைப்பதற்கு முன்பும் சரியாக இருந்தது என்று இரண்டு காகிதமும் சொன்னால்தான், நடுவில் உடைந்த கியூப்களை நம்ப முடியும். இந்த ஜூனின் முதல் அளவு இல்லையென்றால், ஒரு பக்கக் கரை மட்டும் உள்ள ஆறு போலத்தான் அந்த வருடம். ஆய்வகங்களுக்கான உலகத் தரமான ஐஎஸ்ஓ 17025, சரிசெய்தலோ ரிப்பேரோ நடந்திருந்தால் அதற்கு முந்தைய அளவும் பிந்தைய அளவும் கிடைக்கிற வரை சர்டிபிகேட்டில் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஏஜென்சிகள் பின்பற்ற வேண்டிய தரம் அதுதான். ஆனால் கேட்காத வாடிக்கையாளருக்குத் தானாக எழுதிக் கொடுப்பவர்கள் எல்லோரும் இல்லை. வேலை கொடுக்கும் கடிதத்திலேயே, 'சரிசெய்வதற்கு முன் ஒரு முழுச் சுற்று எடுத்து அந்த எண்களையும் சர்டிபிகேட்டில் தரவும்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

அந்த ஒரு வரி என்ன செய்யும் என்பதை ஓர் உதாரணக் கணக்கில் பார்ப்போம்.

எம்25 காங்கிரீட் போடும் ஒரு சைட். 2023 ஜூனில் கேலிபரேஷன் நடந்தது. 400-இலும் 800-இலும் பிழை அரை சதவீதத்துக்குக் கீழே. அடுத்தது 2024 ஜூன். இந்த முறை முந்தைய அளவையும் எழுதச் சொல்லியிருந்தார்கள். திரை 400 காட்டும்போது 384, 800 காட்டும்போது 770, 1200-க்கு 1157. எல்லாப் படியிலும் ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதல். இந்த வடிவமே ஒரு தடயம். உரசலோ பூஜ்யப் பிழையோ மட்டும் காரணமாக இருந்தால், எல்லாப் படியிலும் ஏறத்தாழ ஒரே கிலோநியூட்டன் குறைய வாய்ப்பு அதிகம். அப்போது சின்ன லோடில் சதவீதம் பெரிதாகவும், பெரிய லோடில் சிறிதாகவும் தெரியும். இங்கே சதவீதம் பெரிதாக மாறவில்லை. பெருக்கு எண் மாறியிருக்க வேண்டும்.

இண்டிகேட்டர் எப்போது கைமாறியது? மெஷினின் சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினார்கள். பிப்ரவரி நடுவில், திரை மின்னுகிறது என்று சர்வீசுக்கு எடுத்துப் போய் ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள். அன்றே மறு கேலிபரேஷன் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. அடுத்து கியூப் ரெஜிஸ்டரை எடுத்து, ஒரே மிக்ஸ், ஒரே சிமெண்ட் உள்ள 28 நாள் ரிசல்ட்களை வாரவாரியாகச் சராசரி போட்டுப் பார்த்தார்கள். ஜனவரி வரை ஒரே மட்டத்தில் நடந்துகொண்டிருந்த கோடு, பிப்ரவரி கடைசியில் ஒரு படி ஏறி அங்கேயே நின்றுவிட்டது. சிமெண்ட் அளவு மாறவில்லை, தண்ணீர் அளவு மாறவில்லை. மூன்று காகிதங்களும் ஒரே நாளைக் காட்டின. ஒரு வருடம் முழுக்கச் சந்தேகப்பட வேண்டியிருந்த இடத்தில், சந்தேகம் நான்கு மாதத்துக்குச் சுருங்கியது.

அந்த நான்கு மாதத்தில் ஒரு தொகுதியை எடுத்துக்கொள்வோம். ஐஎஸ் 456 விதிப்படி, அடுத்தடுத்து வரும் நான்கு மாதிரிகளின் சராசரியைப் பார்த்துத்தான் காங்கிரீட்டை ஏற்பார்கள். ஒவ்வொரு மாதிரியும் மூன்று கியூப்களின் சராசரி. எம்25-க்கு நான்கின் சராசரி குறைந்தது 28 வர வேண்டும். சைட்டின் முந்தைய ரிசல்ட்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பதைப் பொறுத்து இது இன்னும் சற்று உயரலாம், இங்கே 28 என்றே கொள்வோம். தனி மாதிரி எதுவும் 22-க்குக் கீழே போகக்கூடாது.

ரெஜிஸ்டரில் இருந்தவை 29.2, 28.4, 29.6, 28.8. சராசரி 29.0. பாஸ். ஒவ்வொன்றையும் 1.04-ஆல் வகுத்தால் 28.1, 27.3, 28.5, 27.7. சராசரி 27.9. பாஸ் ஆகாது. கியூபில் பார்த்தால், 657 என்று காட்டிய இடத்தில் உண்மையில் 632 கிலோநியூட்டன்தான் இருந்திருக்கிறது. 25 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ இரண்டரை டன் எடை, திரையில் மட்டும் இருந்தது.

இதற்கு அர்த்தம் கட்டடத்தை இடிக்க வேண்டும் என்பதில்லை. அந்தத் தொகுதி எந்தத் தூண், எந்தத் தளம் என்று ரெஜிஸ்டரில் இருக்கும். அந்த இடங்களில் சுத்தியல் சோதனை செய்யலாம், தேவைப்பட்டால் காங்கிரீட்டைத் துளைத்து உருளை எடுத்துச் சோதிக்கலாம். உருளைகளின் சராசரி குறித்த பலத்தில் 85 சதவீதத்துக்கும், தனி உருளை 75 சதவீதத்துக்கும் குறையாமல் இருந்தால் ஏற்கலாம் என்று ஐஎஸ் 456 சொல்கிறது. எம்25-க்கு அது 21.25, 18.75. நம் உதாரணத்தில் உள்ள காங்கிரீட் அநேகமாக அதைத் தாண்டிவிடும். எந்தத் தூணைப் பார்ப்பது என்று தெரிந்திருப்பதுதான் இங்கே கிடைத்த லாபம். முந்தைய அளவை எழுதாமல் விட்டிருந்தால், பார்க்க வேண்டும் என்றே யாருக்கும் தெரிந்திருக்காது.

கழித்தல் பிழையும் சாதாரணம் இல்லை. 4 சதவீதம் குறைத்துக் காட்டும் மெஷினில், 29 வரக்கூடிய நல்ல காங்கிரீட் 27.8 என்று நிற்கும். ஒப்பந்ததாரர் தப்பே செய்யாமல் விளக்கம் எழுதுவார், துளைத்துப் பார்க்கும் செலவை ஏற்பார், கடைசியில் தொல்லை வேண்டாம் என்று கன மீட்டருக்கு இன்னும் கொஞ்சம் சிமெண்ட் சேர்த்துவிடுவார். சிமெண்ட் கூடினால் செலவு மட்டுமா கூடும்? கனத்த அடித்தளங்களில் சூடும், சுருங்கி விரியும் விரிசலும் கூடும். சிறிய ஒப்பந்ததாரர்கள் இதில் ரொம்பவே நஷ்டப்படுகிறார்கள். மெஷின் எதிர்க்கட்சியின் லேபில் இருக்கும்போது, முந்தைய அளவைக் கேட்கும் உரிமை தங்களுக்கும் உண்டு என்பது அவர்களில் பலருக்குத் தெரிவதில்லை.

இனி சர்டிபிகேட்டின் எல்லை. மேலே சொன்ன படிகள் 400-இல் ஆரம்பித்தன. அது 2000-இல் 20 சதவீதம். அதற்குக் கீழே கூடுதல் படிகள் எடுக்கச் சொல்லவில்லை என்றால், அந்தச் சர்டிபிகேட் 400-க்கு மேல் மட்டுமே பேசுகிறது. 28 நாள் எம்25 கியூப் 600, 700 வரை போகும். கவலை இல்லை. அதே காங்கிரீட்டின் 7 நாள் கியூப் 17 நியூட்டனில் உடைந்தால் 383 கிலோநியூட்டன். சர்டிபிகேட்டின் எல்லைக்கு வெளியே. செங்கல் இன்னும் மோசம். 230-க்கு 110 மில்லிமீட்டர் செங்கல், சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன் பலம் என்றால், 89 கிலோநியூட்டனிலேயே உடைந்துவிடும். 2000 கிலோநியூட்டன் மெஷினில் அது ஐந்து சதவீதம்கூட இல்லை. அந்த அடிமட்டத்தில் ராமின் உரசல் ஐந்து கிலோநியூட்டனாக இருந்தாலே செங்கலின் பலம் ஐந்தாறு சதவீதம் ஊதிவிடும். சைட்டுகளில் இதே மெஷினில்தான் செங்கலும் உடைபடுகிறது, அதே சர்டிபிகேட்டின் நகல்தான் அந்த ரிப்போர்ட்டோடும் சேர்கிறது. செங்கலோ பேவர் கல்லோ சோதிக்கும் லேப், குறைந்த ரேஞ்சுக்கும் படிகள் எடுக்கச் சொல்ல வேண்டும், அல்லது சிறிய மெஷினில் உடைக்க வேண்டும்.

பழைய ஒப்பந்தங்களில் இன்னொரு குழப்பம் உண்டு. 1959-இல் வந்த ஐஎஸ் 516, மெஷினின் பிழை உச்ச லோடில் 2 சதவீதத்துக்குள் இருக்கலாம் என்றது. உச்ச லோடில் 2 சதவீதம் என்றால் 2000 கிலோநியூட்டன் மெஷினுக்கு 40 கிலோநியூட்டன். அது 657-இல் 6 சதவீதம்! இப்போது பிழையை ஒவ்வொரு படியிலும் அந்தந்தப் படியின் சதவீதமாகவே பார்க்கிறார்கள். 'எங்கள் மெஷின் 2 சதவீதத்துக்குள்' என்று யாராவது சொன்னால், எதில் 2 சதவீதம் என்று கேட்க வேண்டும்.

எவ்வளவு ஒழுங்கான சர்டிபிகேட்டாக இருந்தாலும் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. அது விசையின் அளவை மட்டும் சரிபார்க்கிறது. அந்த விசை கியூபின் முகம் முழுக்கச் சமமாக விழுகிறதா என்பது வேறு விஷயம். மெஷினின் மேல் தகடு ஒரு குண்டுக் குழியில் உட்கார்ந்திருக்கும். கியூபின் மேல்முகம் லேசாகச் சாய்ந்திருந்தால், முதல் தொடுதலில் தகடும் அதற்கேற்பச் சாய்ந்து சமமாக உட்கார வேண்டும். குண்டு துருப்பிடித்து இறுகிவிட்டால், அல்லது தகடு நடுவில் தேய்ந்து குழிந்துவிட்டால், லோடு ஓர் ஓரத்தில் குவியும். கியூப் சீக்கிரமே உடையும். ரிசல்ட் குறையும். லோடு செல் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். ஐரோப்பியத் தரத்தில் இதைக் கண்டுபிடிக்க, சுற்றிலும் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டிய எஃகு உருளை ஒன்றை வைத்து நான்கு பக்கமும் சமமாக நசுங்குகிறதா என்று தனியாகப் பார்க்கிறார்கள். நம் சைட்களில் அது அபூர்வம்.

ஆனால் உடைந்த கியூபே அதைக் காட்டிக்கொடுக்கும். சரியாக உடைந்த கியூபில் திறந்திருக்கும் நான்கு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் பெயர்ந்து, நடுவில் உடுக்கை மாதிரி மேலும் கீழும் அகன்று இடை சிறுத்து நிற்கும். ஒரு பக்கம் மட்டும் பெயர்ந்து விழுந்து எதிர்ப்பக்கம் கீறல் இல்லாமல் நின்றால், அல்லது ஒரு மூலை மட்டும் தெறித்தால், கலவையைச் சந்தேகப்படும் முன் மெஷினின் தகட்டைச் சந்தேகிக்க வேண்டும். உடைந்த விதத்தை ரெஜிஸ்டரில் ஒரு வார்த்தையிலாவது எழுதும் லேப்களை நான் மதிக்கிறேன். கியூபைக் குப்பையில் போட்ட பிறகு அதைத் திரும்பக் கேட்க முடியாது. ஒரு போட்டோ எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

இரண்டு கேலிபரேஷனுக்கு நடுவில் ஒரு வருடம் கண்ணை மூடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. மாதம் ஒரு முறை ஒரே கலவையிலிருந்து ஆறு கியூப் போட்டு, மூன்றை சைட்டிலும் மூன்றை வெளியே ஒரு நம்பகமான லேபிலும் உடைத்துப் பார்க்கலாம். ஒரு மாதம் வித்தியாசம் வந்தால் அது கியூபின் தற்செயலாக இருக்கலாம். காங்கிரீட் அவ்வளவு ஒரே மாதிரியான பொருள் இல்லை. மூன்று நான்கு மாதம் தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் மெஷினைப் பார்க்கக் கூப்பிடலாம்.

போலிச் சர்டிபிகேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாப் படியிலும் பிழை சுத்தமாக 0.00 என்று இருந்தால் நம்பாதீர்கள். மூன்று சுற்றிலும் கடைசி இலக்கம் வரை ஒரே எண் வந்தாலும் அப்படித்தான். மெஷின் அப்படி நடந்துகொள்ளாது. சர்டிபிகேட்டில் உள்ள மெஷின் எண்ணையும் இண்டிகேட்டர் எண்ணையும் மெஷினில் உள்ள தகட்டோடு ஒப்பிடுங்கள். இண்டிகேட்டர் வேறொரு மெஷினிலிருந்து மாறி வந்திருந்தால், எண் ஒன்றாக இருக்காது. லோடு செல்லின் சர்டிபிகேட் காலாவதியாகாமல் இருக்கிறதா, ஏஜென்சியின் என்ஏபிஎல் அங்கீகாரம் 2000 கிலோநியூட்டன் வரை நீள்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அங்கீகாரம் ஏஜென்சியின் பெயருக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. எந்த அளவு வரை என்று தனித்தனியாகத்தான் கொடுக்கிறார்கள்.

சைட் முடிந்ததும் லேப் கொட்டகையைப் பிரிப்பார்கள். மெஷின் அடுத்த ஊருக்குப் போகும். காகிதங்கள் அட்டைப்பெட்டியில் போய், பெரும்பாலும் தொலையும். அடுக்குமாடிக் குடியிருப்பு வாங்கியவர்கள், பள்ளி கட்டிய நிர்வாகம், பஞ்சாயத்துக் கட்டடம் எழுப்பிய ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். கட்டடத்தைக் கையில் வாங்கும் அன்று, வரைபடங்களோடு கியூப் ரெஜிஸ்டரின் நகலையும் கேளுங்கள். அதோடு, முதல் கியூப் உடைவதற்கு முன் எடுத்த கேலிபரேஷன் சர்டிபிகேட்டையும், கடைசிக் கியூப் உடைந்த பிறகு எடுத்த சர்டிபிகேட்டையும் கேளுங்கள். இரண்டாவதில், சரிசெய்வதற்கு முன் மெஷின் என்ன காட்டியது என்ற பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏஜென்சியின் ஃபைலில் அந்த எண்கள் இருக்க வாய்ப்புண்டு. கொட்டகையைப் பிரிப்பதற்கு முன் கேட்டால் கிடைக்கும்.